சொந்தக்காரப் பையனை வேலைக்கு சேக்கச் சொன்னப்ப நான் என்ன பண்ணேன் – ஒரு சின்ன சிஎன்சி பட்டறை அனுபவம்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் எனக்கு சின்னதா ஒரு சிஎன்சி பட்டறை இருக்குங்க, கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற மெஷினுங்க. மூணு லேத், ஒரு விஎம்சி மில்லிங் மெஷின், என்னையும் சேத்து பத்து பேருக்குள்ள தான் ஆளு. பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப்வொர்க் பண்றோம். காஸ்டிங் அவங்களே அனுப்பிருவாங்க, நாங்க மெஷினிங் பண்ணி திருப்பி அனுப்புவோம், எங்களுக்கு வர்றது கூலி மட்டும் தான்.

போன வருஷம் எங்க பெரிய மாமா, அதாவது எங்கம்மாவோட அண்ணன், ஒரு பையனை வேலைக்குப் போடச் சொன்னாரு. அத்தையோட தம்பி பையன். பிஇ மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷமா வீட்ல இருக்கான். “சூப்பர்வைசரா போட்டுக்க மாப்ள, நம்ம பையன் ஒருத்தன் உள்ள இருந்தா உனக்கும் பலம் தான”ன்னு சொன்னாரு. இதுல எனக்கு இருந்த சிக்கல் என்னன்னா, பட்டறை ஆரம்பிச்சப்ப பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டது அவர் தான். அன்னிக்கு அவர் மட்டும் போடலைன்னா இன்னிக்கும் நான் எங்கயாவது ஷிப்ட் பாத்துட்டு தான் இருந்திருப்பேன்.

இந்த மாதிரி ஒரு ஆளு கேக்கறப்ப என்ன செய்றதுன்னு நெறைய பேர் தவிக்கறத பாத்திருக்கேன், அதனால நடந்தத முழுசா எழுதறேன். பேச்சுவார்த்தைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வேலையோட கணக்கு கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா மாமாகிட்ட கடைசில எடுபட்டது அது தான்.

எங்ககிட்ட அதிகமா ஓடுறது பேரிங் ஹவுசிங். 6205 பேரிங் உக்கார்ற போர், அதாவது துளை, 52 மில்லி, டிராயிங்ல எச்7னு போட்டிருக்கும். அப்படின்னா சைஸ் 52.000க்கும் 52.030க்கும் நடுவுல இருக்கணும், மொத்தமே 30 மைக்ரான், ஒரு தலைமுடி தடிமனை விடக் கம்மி. போர் டைட்டா போனா பேரிங் சூடாகும், லூசா போனா பேரிங்கோட வெளி ரிங் ஹவுசிங்குக்குள்ள சுத்த ஆரம்பிச்சிரும், அப்புறம் மோட்டார் சத்தம் போட்டுட்டு திரும்பி வரும். வெட்டுற முனையான இன்சர்ட் தேயத் தேய போர் சின்னதாயிட்டே வரும், அதனால ஆபரேட்டர் நடுநடுவுல அளந்து பாத்து, மெஷின்ல டூல் அளவ திருத்தற ஆஃப்செட்ல அஞ்சு மைக்ரான், பத்து மைக்ரான்னு ஏத்திட்டே இருக்கணும். சின்னதா இருந்தா இன்னொரு கட் ஓட்டி சரி பண்ணிக்கலாம், ஆனா ஒரு தடவ பெருசாயிட்டா அந்த காஸ்டிங் ஸ்கிராப் தான், வேற வழியே கிடையாது.

இப்ப காசு. ஒரு ஹவுசிங்குக்கு எங்க கூலி 38 ரூபா, காஸ்டிங் விலை 420 ரூபா. ஒரு பீஸ் நம்ம தப்புல ஸ்கிராப் ஆனா கஸ்டமர் அந்த 420ஐ டெபிட் நோட் போட்டு நம்ம பில்லுல கழிச்சிருவாங்க. அப்ப ஒரு பீஸ் போச்சுன்னா பதினோரு பீஸ் செஞ்ச கூலி போச்சு. இதுல கரண்டு, டூல், சம்பளம் எதுவும் நான் இன்னும் கழிக்கல.

மாமா போன்ல சொன்னப்ப நான் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. “பையனை ஒருநாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்க மாமா, எங்ககிட்ட வர்ற எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் இருக்குங்க, அது முடிஞ்சதும் நானே நேர்ல வந்து உங்ககிட்ட சொல்றேன்”னு சொன்னேன். இந்த ஒரு வரில மூணு விஷயம் இருக்கு. டெஸ்ட் எல்லாருக்கும் உண்டுங்கறது அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. பதில் எப்ப வரும்னு தெரிஞ்சிருச்சு. பதிலை சொல்லப் போறது நான், வேற யாரும் இல்லன்னும் தெரிஞ்சிருச்சு. பெரியவங்க கேட்டதுக்கு பதிலே சொல்லாம இழுத்துட்டே இருந்தோம்னா அவங்க அத சம்மதம்னு எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் வாக்கு குடுத்திருவாங்க, அதுக்கப்புறம் நீங்க மறுத்தா அவங்க வாக்கையே மீறுன மாதிரி ஆயிரும்.

அந்த டெஸ்ட் நான் இந்தப் பையனுக்காக உண்டாக்குனது கிடையாது. மெஷினை செட் பண்ணிக் குடுக்கற எங்க செட்டர் அண்ணன் ரொம்ப வருஷமா எல்லாருக்கும் வெச்சிட்டிருக்கறது தான். இது முக்கியம்ங்க, ஏன்னா ஒரு ஆளை தட்டிக் கழிக்கறதுக்காகவே வெச்ச டெஸ்ட்டா இருந்தா வர்றவனுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும், வீட்டுக்குப் போய் சொல்லவும் சொல்லுவான். உங்க பட்டறைல இப்படி எதுவும் இல்லன்னா யாரும் கேக்காத நேரத்துலயே ஒண்ணு ஆரம்பிச்சு, அடுத்து வர்ற நாலஞ்சு பேருக்கு வெச்சிருங்க. சொந்தக்காரங்க போன் வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சா அதுக்கு மதிப்பு இருக்காது.

டெஸ்ட் ரொம்ப சாதாரணமானது. ஒரு டிராயிங், டர்னிங் பண்ணுன மூணு பின், ஒரு மைக்ரோமீட்டர், துளை அளக்கற போர் டயல் கேஜ் ஒண்ணு. பின்னை அளந்து எழுதணும், டிராயிங்ல இருக்கற டாலரன்ஸ் பாத்து எது ஓகே, எது ரிஜெக்ட்னு சொல்லணும். அதுக்கப்புறம் ஒரு ஷிப்ட் செட்டர் அண்ணன் பக்கத்துல நின்னு பாக்கணும், மெஷின்ல கை வெக்கக் கூடாது.

பையன் வந்தான். நல்ல பையன், மரியாதையா பேசுனான். முதல் பின் 24.72 இருக்கும், அவன் 24.22னு எழுதுனான். மைக்ரோமீட்டர் பழகுனவங்களுக்கு இது என்ன தப்புன்னு உடனே புரியும். கையால சுத்தற திம்பிள் ஒரு சுத்துக்கு அரை மில்லி தான் நகரும், சுத்தாம நிக்கற ஸ்லீவ்ல அந்த அரை மில்லி கோடு தாண்டிருச்சான்னு பாக்காம விட்டா ரீடிங்ல 0.50 கொறஞ்சு வரும். ரெண்டாவது பின்லயும் அதே தப்பு. போர் டயலை எப்படி ஜீரோ செட் பண்றதுன்னு அவனுக்குத் தெரியல.

இது மட்டும்னா நான் வேண்டாம்னு சொல்லிருக்க மாட்டேன். மைக்ரோமீட்டர் பாக்கறது ஒரு வாரத்துல வந்துரும், எங்ககிட்ட இப்ப இருக்கற நல்ல ஆபரேட்டர்ல ஒருத்தன் வந்தப்ப அவனுக்கும் தெரியாது. ஆளு தேறுமா தேறாதான்னு நான் பாக்கறது வேற எடத்துல. செட்டர் அண்ணன் பக்கத்துல நிக்கறப்ப அவன் கேள்வி கேக்கறானா, அவன் கண்ணு மெஷின் மேல இருக்கா இல்ல வாசல் மேல இருக்கா, கூலன்ட் கைல பட்டா மூஞ்சி எப்படிப் போகுது. அன்னிக்கு ஷிப்ட் பூரா அவன் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டான், “ஆபீஸ் ரூம் எங்கண்ணா இருக்கு, கம்ப்யூட்டர் எதும் இருக்கா”ன்னு.

இன்னொரு விஷயம், மாமா கேட்டது சூப்பர்வைசர் வேலை. எங்க செட்டர் அண்ணன் ஐடிஐ படிச்சவர், இருபது வருஷத்துக்கு மேல மெஷின்ல நின்னவர். அவருக்கு மேல அளவெடுக்கத் தெரியாத ஒரு பையனை, என் சொந்தங்கற ஒரே காரணத்துக்காக கொண்டு போய் வெச்சா அவர் என்கிட்ட ஒரு வார்த்தை கூட கேக்க மாட்டாரு. அடுத்த மாசம் பக்கத்து பட்டறைல இருப்பாரு. கோயம்புத்தூர்ல நல்ல செட்டருக்கு வேலை கெடைக்க அரை நாள் ஆகாது, அவர் போனா கூடவே ரெண்டு ஆபரேட்டரும் போவாங்க. வெளில இருந்து பாக்கறவங்களுக்கு ஒரு சம்பளம் தான அதிகம்னு தோணும், நமக்குத் தான் தெரியும் அது யார் யாரை வெளிய தள்ளும்னு.

நான் எனக்குள்ள கேட்டுக்கறது ஒரே கேள்வி தான்: இந்த ஆளு தப்பு பண்ணா நாளைக்கு காலைல இவன்கிட்ட “மெஷினை விட்டு எறங்கு”ன்னு என்னால சொல்ல முடியுமா? முடியாதுன்னா அவன் எவ்வளவு தெறமசாலியா இருந்தாலும் சேக்க மாட்டேன். முடியும்னா, மீதிய கத்துக் குடுத்துக்கலாம். இந்தப் பையன் விஷயத்துல முடியாதுன்னு எனக்கு நல்லா தெரிஞ்சுது, ஏன்னா அவனை ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கு ராத்திரியே அத்தைக்குப் போகும், அத்தைகிட்ட இருந்து அம்மாவுக்கு வரும்.

ஷிப்ட் முடிஞ்சதும் பையனை தனியா டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன். இத கண்டிப்பா செய்யுங்க, வீட்டுப் பெரியவங்க யாரும் இல்லாத எடத்துல, வேலையப் பத்தி பேசாம அவனுக்கு என்ன வேணும்னு கேளுங்க. அவன் சொன்னது, “அண்ணா எனக்கு மெஷின் பக்கம் இஷ்டமே இல்ல, கம்ப்யூட்டர்ல டிசைன், புரோகிராம் பண்ற கேட் கேம் பக்கம் போலாம்னு இருக்கேன், வீட்ல சும்மா ஏன் உக்காந்திருக்கேன்னு தெனமும் சண்டை, அதனால தான் மாமா சொன்னதும் வந்துட்டேன்”. பாவம், அவனையும் தள்ளி தான் விட்டிருக்காங்க. அவன் சொன்னத நான் மாமாகிட்ட சொல்லலாமான்னு அவன்கிட்டயே கேட்டேன், கேட் கோர்ஸ் விஷயம் மட்டும் சொல்லுங்கன்னான். அத மட்டும் தான் சொன்னேன்.

மாமாவப் பாக்க அன்னூர் பக்கம் அவர் தோட்டத்துக்கு நேராவே போயிட்டேன். போன்ல சொல்லல, அம்மா மூலமா சொல்லல. அம்மாவ நடுவுல விட்டா அவங்க ரெண்டு பக்கமும் பேச்சு வாங்குவாங்க. பையன் வீட்டுக்கு செய்தி போறதுக்கு முன்னாடி கேட்டவருக்கு முதல்ல தெரியணும், இல்லன்னா அவர் மச்சினன் வாயில கேட்டு தெரிஞ்சுக்குவாரு, அந்த அவமானம் தான் கோவமா மாறும்.

சுத்தி வளைக்கல. “மாமா, பையன் வந்தான், பாத்தேன். மெஷின்லயும் சரி, சூப்பர்வைசராவும் சரி, என்னால போட முடியாதுங்க”ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நான் எதிர்பாத்தது வந்துச்சு. “ஏன் மாப்ள, ஒரு பையனுக்கு சோறு போட முடியாதா உன்னால? உன் பட்டறை யார் கையெழுத்துல நிக்குது?”

இந்த எடத்துல நெறைய பேர் தலையாட்டிருவாங்க, இல்லன்னா எதுத்துப் பேசிருவாங்க. நான் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தது இது: “அந்த கையெழுத்துக்காகத் தாங்க மாமா வந்து சொல்றேன். ஒரு பீஸ் போனா 420 ரூபா டெபிட். ஒரு ஆஃப்செட் தப்பா போட்டு யாரும் கவனிக்காம அரை ஷிப்ட் ஓடிருச்சுன்னா எத்தன பீஸ்னு நீங்களே பாருங்க. ரெண்டு லாட் அப்படிப் போச்சுன்னா கஸ்டமர் போயிருவான், டியூ கட்ட முடியாது. பேங்க்ல இருந்து முதல் போன் எனக்கு வரும், ரெண்டாவது போன் உங்களுக்குத் தாங்க மாமா வரும்.”

அவர் விவசாயி, கடன்னா என்னன்னு நல்லா தெரிஞ்சவர். அவர் போட்ட கையெழுத்தும் நான் சொல்ற மறுப்பும் ஒரே பக்கம் தான் நிக்குதுன்னு அவருக்குப் புரிஞ்சுது. நன்றிக்கடன காட்டி கேக்கறவங்ககிட்ட “அது வேற, இது வேற”ன்னு சொன்னா எடுபடாது, காயம் தான் படும். அவங்க நமக்காக எத பணயம் வெச்சாங்களோ அத காப்பாத்தத் தான் இந்த முடிவுன்னு காட்டணும், அது உண்மையாவும் இருக்கணும்.

அப்புறம் அவருக்கு இருந்த நிஜமான கஷ்டத்தப் பேசுனோம். அவருக்கு அந்தப் பையன் மேல பெரிய ஒட்டுதல் எல்லாம் இல்ல. மச்சினன் வீட்ல “என் மாப்ள கம்பெனில போட்டுரலாம்”னு சொல்லிட்டு வந்துட்டாரு, இப்ப அங்க போய் என்ன சொல்றதுங்கறது தான் அவர் பிரச்சன. அதனால அவர் அங்க எடுத்துட்டுப் போற மாதிரி ரெண்டு விஷயம் குடுத்தேன். ஒண்ணு, பையன் நெஜமாவே மெஷின் கத்துக்கணும்னு நெனச்சா அப்ரெண்டிஸா வரலாம். டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்களுக்கு நாட்ஸ்னு அரசாங்க போர்ட்டல் இருக்கு, ஐடிஐ பசங்களுக்கு நாப்ஸ். ஒப்பந்தம் போட்டு ஸ்டைபண்ட் குடுத்து குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துக்கலாம், ஸ்டைபண்ட்ல ஒரு பங்கு அரசாங்கம் தருது. 30 பேருக்கு கீழ இருக்கற நம்மள மாதிரி எடத்துக்கு அப்ரெண்டிஸ் எடுக்கறது கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டா எடுக்கலாம். ஆனா செட்டர் அண்ணனுக்கு கீழ தான் நிக்கணும், பேரு அப்ரெண்டிஸ், சூப்பர்வைசர் இல்ல. ரெண்டாவது, அவன் கேட் கேம் கோர்ஸ் போறதா இருந்தா கட்டணத்துல பாதி நான் கட்றேன், அது என் பங்கு, திருப்பித் தர வேண்டாம்னேன்.

இந்த ரெண்டாவதுல ஒரு எச்சரிக்கை. பணமா உதவி பண்றதா இருந்தா தொகைய அப்பவே முடிவு பண்ணிருங்க, நேரா இன்ஸ்டிட்யூட்டுக்கே கட்டிருங்க. “என்ன வேணும்னாலும் கேளுங்க”ன்னு வாயத் தொறந்து விட்டீங்கன்னா அது வேலை குடுத்தத விட பெரிய செலவாயிரும். அதே மாதிரி, நமக்கு ஆகாத ஆளை தெரிஞ்ச இன்னொரு பட்டறைக்கு நல்ல பையன்னு சிபாரிசு பண்ணி அனுப்பவே கூடாது. நான் ரெண்டு நண்பர்கள் நம்பர் குடுத்தேன், அவங்ககிட்டயும் “எனக்கு சரிப்படல, டிசைன் பக்கம் விருப்பம் இருக்கு, நீங்களே பேசிப் பாத்துக்கோங்க”ன்னு உள்ளத தான் சொன்னேன்.

இதுக்கப்புறம் எல்லாம் சுமூகமாச்சான்னா, இல்ல. அத்தை ரொம்ப நாள் என்கூட பேசல. ஒரு காதுகுத்துல என்னைப் பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க, அம்மா அன்னிக்கு ராத்திரி அழுதாங்க. அது எனக்கு வலிச்சுது, இன்னும் வலிக்குது. நான் விளக்கம் சொல்லிட்டு திரியல, போற எடத்துல எல்லாம் நானே போய் வணக்கம் சொன்னேன், வீட்டு விசேஷத்துக்கு நானே நேர்ல போய் அழைச்சேன். பையனோட டெஸ்ட் பேப்பர இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டல, அவனுக்கு அளவெடுக்கத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொந்தத்துல யார்கிட்டயும் சொல்லல. நம்ம முடிவு நியாயம்னு நிரூபிக்கறதுக்காக ஒரு பையன் பேர கெடுத்துட்டா அப்புறம் அந்தக் குடும்பத்துல நமக்கு எடமே இருக்காது. அவன் கேட் கேம் முடிச்சு இப்ப ஒரு எடத்துல புரோகிராமிங் பக்கம் சேந்திருக்கான்.

இதுல நான் கூடவே ஆரம்பிச்ச வேலை ஒண்ணு, அந்த ஜாமீன் கையெழுத்து. அது இருக்கற வரைக்கும் அடுத்த கோரிக்கை வரும், மாமா கேக்கலன்னாலும் அவர் பேர சொல்லி வேற யாராவது கேப்பாங்க. சின்னத் தொழிலுக்கு சிஜிடிஎம்எஸ்இ கியாரண்டி திட்டம் இருக்கு, வருஷா வருஷம் ஒரு கட்டணம் கட்டுனா சொத்து அடமானமோ மூணாவது ஆள் ஜாமீனோ இல்லாம பேங்க் கடன் குடுக்க முடியும். ஆனா ஏற்கனவே ஜாமீன் இருக்கற பழைய லோனை அப்படி மாத்தறதுக்கு பேங்க் ஒத்துக்கணும், அது அவங்க கைல தான் இருக்கு. எங்க மேனேஜர் ரினிவல் சமயத்துல பாக்கலாம்னு சொல்லிருக்காரு. மாமாகிட்டயும் “உங்கள சீக்கிரம் இதுல இருந்து விடுவிச்சிடறேன் மாமா”ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அத கேட்டு அவர் கோவிச்சுக்குவாருன்னு நெனச்சேன், ஆனா அவருக்கும் அது நிம்மதியா தான் இருந்துச்சு.

ஏற்கனவே சேத்துட்டு முழிக்கறவங்களும் இருப்பீங்க. என் நண்பர் ஒருத்தர் பட்டறைல அப்படித் தான், ஒரு பெரியவர் சொல்லி சேத்த பையன் ஆஃப்செட் போடறப்ப புள்ளி மாத்திப் போட்டு டூல் போய், பீஸை புடிச்சு சுத்தற சக்குல மோதிருச்சு. சில கன்ட்ரோலர்ல புள்ளி இல்லாம 10னு அடிச்சா பத்து மைக்ரான், புள்ளி வெச்சு அடிச்சா பத்து மில்லி, அது தெரியாத ஆளு கைல மெஷினை விட்டா இது நடக்கும். நண்பர் அன்னிக்கே வெளிய அனுப்பல. முதல்ல மெஷின்ல இருந்து எடுத்து டெஸ்பேட்ச்ல சலான் போடற வேலைக்கு மாத்துனாரு, சம்பளத்துல கை வெக்கல. ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டர்ல தேதி, பீஸ், ஷிப்ட், ஆபரேட்டர்னு எல்லாருக்கும் எழுத ஆரம்பிச்சாரு. ரெண்டு மாசத்து ரிஜிஸ்டரை எடுத்துட்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் முன்னாடி வெச்சு, டெஸ்பேட்ச்லயே இருக்கறதா இருந்தா அந்த வேலைக்கு உண்டான சம்பளம் இவ்வளவு, அடுத்த மாசத்துல இருந்து அது தான், இல்லன்னா வேற எடம் தேட மூணு மாசம் டைம் தர்றேன், அது வரைக்கும் பழைய சம்பளமே தர்றேன்னு சொன்னாரு. பெரியவர் ரிஜிஸ்டரை ரெண்டு தடவ பொரட்டிப் பாத்துட்டு மூணு மாசம் டைம் கேட்டாரு. பையன் ரெண்டாவது மாசமே ஒரு கொரியர் ஆபீஸ்ல சேந்துட்டான்.